அசல் குறையவில்லை, கை மட்டும் ஏன் கடிக்கிறது?

கேள்வி: அம்மா காரைக்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். 2020 கடைசியில் 12 லட்சத்தை ஐந்து வருட டெபாசிட்டில் போட்டோம். 6% வட்டி, மாதம் 6,000 ரூபாய் தவறாமல் வந்தது. அசல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் வர வர மாசக் கடைசியில் கை கடிக்கிறது என்கிறார். சேமிப்புக் கணக்கில் இன்னொரு 3 லட்சம் கிடக்கிறது, அதில் வட்டி பேருக்குத்தான். விலைவாசி ஏறுகிற அளவுக்கு வங்கி ஏன் வட்டி தருவதில்லை? டெபாசிட் முடிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

பதில்:

வட்டி என்று நினைத்து அம்மா மாதாமாதம் செலவு செய்த 6,000 ரூபாயில் பெரும் பகுதி அசல்தான். பாஸ்புக்கில் 12 லட்சம் என்ற எண் குறையாததால் அது கண்ணில் படவில்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

மத்திய அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி விலைவாசி 2021-22இல் 5.5%, 2022-23இல் 6.7%, 2023-24இல் 5.4%, 2024-25இல் 4.6% ஏறியது. ஒவ்வொரு வருட ஏற்றமும் முந்தைய வருடம் ஏறிய விலையின் மேல்தான் ஏறுகிறது. நான்கையும் அப்படிச் சேர்த்துப் பார்த்தால், 2020-21இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 2024-25இல் 124 ரூபாய் வேண்டும். அன்றைய 12 லட்சம் வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய 14,89,000 ரூபாய் வேண்டும். அம்மாவிடம் இருப்பது 12 லட்சம்தான். ஆக அசலில் 2,89,000 ரூபாய் மதிப்புக் குறைந்துவிட்டது. அதே நான்கு வருடத்தில் வட்டியாக வந்தது எவ்வளவு? வருடம் 72,000 வீதம் 2,88,000.

இரண்டு எண்களும் இப்படி ஒட்டி வந்தது அந்தக் காலகட்டத்தின் தற்செயல். வேறு நான்கு வருடம் எடுத்தால் வேறு மாதிரி வரும். முதல் வருட வட்டிக்கு இன்றைய வட்டியைவிட மதிப்பு அதிகம் என்பதால், துல்லியமாகப் பார்த்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும். ஆனாலும் நடந்தது இதுதான்: வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டு அசல் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர்ப்பக்கம் வட்டியை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதைவிட, நூற்றுக்கு மாதம் இத்தனை என்று சொல்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் அம்மாவின் 6% என்பது நூற்றுக்கு 50 காசு. அந்த நான்கு வருட விலையேற்றம் சராசரியாக வருடத்துக்கு 5.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதையும் இதே மாதிரி மாதக் கணக்காக்கினால் நூற்றுக்கு 46 காசு. 50 காசில் 46 காசை விலைவாசி எடுத்துக்கொள்ள, மிஞ்சியது 4 காசு. உண்மை வட்டி என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வது இந்த 4 காசைத்தான். 12 லட்சத்துக்கு அது மாதம் சுமார் 480 ரூபாய். அசலின் வாங்கும் சக்தி குறையாமல் அம்மா கை வைத்திருக்கக்கூடிய தொகை அவ்வளவுதான். மீதி 5,520 ரூபாயை மறுபடி அசலோடு சேர்த்திருந்தால்தான் 12 லட்சம் உண்மையில் 12 லட்சமாகவே நின்றிருக்கும்.

வரி கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். வருமான வரி 50 காசு முழுவதற்கும் விழும். அதில் 46 காசு வெறும் ஈடு, லாபம் இல்லை என்று வரிச்சட்டம் பார்ப்பதில்லை. 20% வரிக் கட்டத்தில் இருப்பவருக்கு 50 காசு 40 காசாகிவிடும். அவர் மாதாமாதம் நூற்றுக்கு 6 காசு இழந்துகொண்டிருக்கிறார். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் இந்தக் கவலை இல்லை.

சரி, வங்கி ஏன் கூடுதலாகத் தருவதில்லை என்று கேட்டீர்கள். விலைவாசியைப் பார்த்து வட்டி தருவேன் என்று வங்கி எந்த நாளிலும் சொன்னதில்லை. டெபாசிட் வட்டி என்பது, உங்களிடமிருந்து பணம் வருவதற்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை வைத்து வங்கி முடிவு செய்யும் விலை. சேமிப்புக் கணக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். 2003 முதல் 2011 மே வரை சேமிப்புக் கணக்கு வட்டியை 3.5% என்று ரிசர்வ் வங்கியே நிர்ணயித்திருந்தது. இடையில் 2009-10, 2010-11 வருடங்களில் விலைவாசி 10 சதவீதத்துக்கு மேல் ஏறியபோதும் அது அசையவில்லை. 2011 அக்டோபரில், இனி வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். சில தனியார் வங்கிகள் 6% வரை ஏற்றின. பெரிய வங்கிகள் வருடக்கணக்கில் 4 சதவீதத்திலேயே நின்றன, பிறகு இன்னும் குறைத்தன. பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் 2.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. குறைத்தாலும் யாரும் கணக்கை மாற்றிக்கொண்டு போகவில்லை. சம்பளம், பென்ஷன், கேஸ் மானியம் எல்லாம் அந்தக் கணக்கோடு பிணைந்திருக்கிறது. போகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு கூடுதலாகக் கொடுக்க வங்கிக்கு அவசியமே இல்லை. நான் வங்கிக் கவுண்டரில் பல காலம் உட்கார்ந்தவன். வட்டி குறைந்ததற்காகச் சேமிப்புக் கணக்கை மூடியவர் என்று ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

டெபாசிட்டில் கதை சற்று வேறு. அம்மா பணம் போட்ட நேரத்தைப் பாருங்கள். கொரோனாவால் தொழில்கள் முடங்கியதால், கடன் மலிவாகக் கிடைக்கட்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மே மாதம் ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்குக் குறைத்தது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் விகிதம் அது. மற்ற வட்டிகள் எல்லாம் அதை ஒட்டித்தான் நகரும். அந்த வருடம் விலைவாசி ஏற்றமோ சராசரியாக 6.2%. அதாவது வட்டி விலைவாசிக்குக் கீழே இருக்கும் என்று தெரிந்தேதான் எடுத்த முடிவு அது. தொழிலைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் உங்கள் அம்மாவைப் போல வட்டியை நம்பி வாழ்கிற முதியவர்களும் உண்டு. அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அப்புறம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அதே ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் வட்டி ஏறிவிட்டது. ஏனென்றால் 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். அம்மாவின் டெபாசிட் அப்படி இல்லை. போட்ட நாளில் எழுதிய 6% ஐந்து வருடத்துக்கும் 6%தான். புதிதாகப் போட்டவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கொடுத்த நாட்களிலும் அம்மாவுக்கு அதே 6,000. குறைந்த வட்டிக் காலத்தில் மொத்தப் பணத்தையும் நீண்ட தவணையில் போட்டதுதான் இங்கே அடி விழுந்த இடம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. பர்மாவில் கடை வைத்திருந்த நகரத்தார் ரங்கூனில் கோயிலில் மாதந்தோறும் கூடி அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். டெபாசிட்டுக்கும் அதை ஒட்டித்தான் வட்டி. பணத்துக்குக் கிராக்கி ஏறினால் போட்டவருக்கும் சீக்கிரமே ஏறும். பெண்ணின் சீதனப் பணத்தைக் கடையில் வட்டிக்குப் போட்டால், வட்டியை எடுத்துச் செலவழிக்காமல் அசலில் ஏற்றிப் பேரேட்டில் எழுதி வருவார்கள். மாறும் வட்டி, வட்டியை அசலில் ஏற்றுவது என்று அன்றைக்கு இருந்த இரண்டுமே அம்மாவின் டெபாசிட்டில் இல்லை.

விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வட்டி நம் நாட்டில் வராமலும் இல்லை. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி மூலம் ஒரு சேமிப்புப் பத்திரம் வெளியானது. விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அதற்கு மேல் 1.5% என்று பத்து வருடத்துக்குக் கொடுத்தார்கள். வங்கி டெபாசிட்டே 9% தந்துகொண்டிருந்த நேரம் அது, வாங்க ஆள் வரவில்லை. சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை சொன்னது அரசின் சராசரிக் கணக்கு. உங்கள் வீட்டு விலைவாசி வேறாக இருக்கும். 2012ஐ அடிப்படையாக வைத்த அந்தக் குறியீட்டில் சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் ஏறக்குறைய 46% எடை. தனியாக இருக்கும் வயதானவர் வீட்டில் சாப்பாட்டுச் செலவு அவ்வளவு இருக்காது. மருந்து, டாக்டர், வீட்டு வேலைக்கு வருபவர் சம்பளம், ஆட்டோ இவைதான் பெரிது. அதோடு பெரிய வீடு வேறு. ஓடு மாற்ற, ஒழுகல் அடைக்க, சுண்ணாம்பு பூச்சு தெரிந்த கொத்தனாரைக் கூட்டி வர ஆகும் கூலி அந்தக் குறியீட்டில் பேருக்குத்தான் இருக்கிறது. பங்காளிகள் சேர்ந்து பராமரிக்கும் வீடு என்றால் அம்மா பங்குக்கும் அந்தச் செலவு வரும்.

அம்மா தினக்கணக்கு எழுதுகிறவராக இருந்தால் பழைய நோட்டை எடுங்கள். 2020இல் ஏதாவது ஒரு மாதம், இந்த வருடம் அதே மாதம், இரண்டிலும் மாறாமல் வாங்கும் பத்துப் பன்னிரண்டு செலவுகளை எடுத்துக் கூட்டுங்கள். அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பால் அன்று ஒரு லிட்டர், இன்று அரை லிட்டர் என்றால் இரண்டையும் ஒரு லிட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிக்கனமாக இருப்பது விலை குறைந்தது போலக் காட்டும். ஒரே ஒரு பொருளை வைத்தும் முடிவு செய்யக்கூடாது. சமையல் கேஸ் சென்னை விலைப்படி 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 ஆகஸ்டுக்குள் 1,118 ரூபாயைத் தாண்டியிருந்தது, 2025இல் 868 ரூபாய் 50 காசு. 2023இல் பார்த்தால் உலகமே முடிந்ததுபோல் இருக்கும், 2025இல் பார்த்தால் வருடத்துக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பன்னிரண்டு பொருளின் கூட்டுத்தொகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அம்மாவின் விலைவாசி. அதை அம்மாவுக்குக் கிடைக்கும் வட்டியிலிருந்து கழித்தால்தான் அம்மாவின் உண்மை வட்டி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் விலைவாசி ஏற்றம் வெகுவாகத் தணிந்தது. அக்டோபரில் 0.25% என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் 6% டெபாசிட்கூட நல்ல உண்மை வட்டி தரும். அதனால் வட்டி எப்போதும் தோற்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஏற்றம் தணிந்தது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. 124 ஆனது 124க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அம்மாவின் 6,000 ரூபாய் 2020இல் வாங்கியதை வாங்க இன்றும் 7,450 ரூபாய் வேண்டும்.

இனி அந்த 12 லட்சம். அம்மாவுக்கு 60 வயது தாண்டியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். தபால் நிலையத்திலும் பல வங்கிகளிலும் சேரலாம், 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் 8.2% ஆக்கினார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அரசு விகிதத்தை அறிவிக்கும், சேரும் நாளில் உள்ள விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. 2020 கடைசியிலும் இது 7.4% கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கவுண்டரில் யாராவது அம்மாவுக்கு அதைச் சொல்லியிருந்தால் மாதம் 1,400 ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். நடுவில் எடுத்தால் பிடித்தம் உண்டு. ஒரு வருடத்துக்குள் என்றால் கொடுத்த வட்டி முழுவதையும், இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதத்தையும், அதற்குப் பிறகு 1 சதவீதத்தையும் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

8.2 சதவீதத்தில் 12 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 வரும், அதாவது மாதம் 8,200. இதைப் பார்த்ததும் மாதம் 8,200 செலவழிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பழைய கதை திரும்பத் தொடங்கும். வருங்காலத்தில் விலைவாசி வருடம் 5% ஏறும் என்று வைத்துக்கொண்டால் உண்மை வட்டி 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அசலின் மதிப்பு கொஞ்சமும் குறையாமல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அம்மா இன்றைய விலையில் மாதம் சுமார் 3,050 ரூபாய்தான் எடுக்கலாம். அதில் அவரால் வாழ முடியாது. அவர் பணத்தில் அவர் ஏன் அப்படி நெருக்கிப் பிடித்து வாழ வேண்டும்? அசலும் அவருக்காகத்தான் இருக்கிறது. 25 வருடத்தில் அசல் முழுவதும் தீர்வதாகத் திட்டமிட்டால் இன்றைய விலையில் மாதம் சுமார் 5,800 ரூபாய், 20 வருடம் என்றால் சுமார் 6,750 ரூபாய். இந்தத் தொகை அப்படியே நிற்காது, வருடாவருடம் 5% ஏற்றி எடுத்துக்கொள்ளலாம். மாதம் 8,200 முழுவதையும் எடுத்தால் முதலில் தாராளமாக இருக்கும், அந்தத் தொகை ஏறவே ஏறாது, 14 வருடத்தில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். இதில் எது வேண்டும் என்று நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். எந்த வங்கியும் இதை உங்களுக்காக முடிவு செய்யாது.

25 வருடக் கணக்கை எடுத்துக்கொண்டால், 8,200இல் 5,800 போக மீதி 2,400ஐ என்ன செய்வது? இந்தத் திட்டத்தில் எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. அதனால் வட்டி வரவான நாளே மீதியை வேறு டெபாசிட்டுக்கோ தொடர் வைப்புக்கோ மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். சேமிப்புக் கணக்கில் விட்டால் அது 2.5 சதவீதத்தில் உறங்கும். அந்த டெபாசிட்டில் 8.2 கிடைக்காது, ஐந்து வருடம் கழித்து என்ன விகிதம் இருக்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான் சொன்ன தொகைகளில் சில நூறு ரூபாய் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் ஃபைனான்ஸில் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் தருகிறார்களே என்று யாராவது அம்மாவிடம் சொல்வார்கள். ரெண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24%. அதை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அவர்கள் அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுத்துத் தவறாமல் வசூலிக்க வேண்டும். முடியாதபோது புதிதாகப் போடுபவர் பணத்தை எடுத்துத்தான் பழையவர்களுக்கு வட்டி வரும். தமிழ்நாட்டில் டெபாசிட்தாரர்களைக் காக்க 1997இலேயே தனிச்சட்டம் போட வேண்டி வந்ததற்குக் காரணம் இப்படிப் பணம் போட்டு இழந்தவர்கள்தான். விலைவாசி வருடத்துக்கு ஐந்தாறு சதவீதம் கரைக்கிறது என்பதற்காக அசலையே பணயம் வைக்க வேண்டாம். கூடுதல் வட்டி தரும் சிறு நிதி வங்கிகள் வேறு ரகம், அவை ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பவை. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த வரம்புக்குள் போடலாம். தங்கமும் பலர் சொல்வார்கள். நீண்ட காலத்தில் அது விலைவாசியோடு ஓடியிருக்கிறது, ஆனால் 2012 முதல் 2018 வரை ஏறக்குறைய அதே விலையில் நின்றது. மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவருக்கு ஆறு வருடம் காத்திருக்க முடியாது.

சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 3 லட்சத்தில் ஒரு லட்சத்தை அவசரத்துக்கு அங்கேயே விடுங்கள். மீதி 2 லட்சத்துக்கு இப்போது வருடம் 5,000 ரூபாய் வட்டி வருகிறது. 6% டெபாசிட் என்றால் 12,000. அதை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 50,000 வீதம் நான்காக, ஒரு வருடம், இரண்டு, மூன்று, நான்கு வருடம் என்று போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒன்று முடியும். வட்டி ஏறியிருந்தால் அந்த ஏற்றம் அம்மாவுக்கும் கிடைக்கும், அவசரத்துக்கு உடைக்க வேண்டி வந்தாலும் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.